பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன்: நோக்கம், கருதுகோள், முடிவுரை மூன்றும் ஒரே பேச்சைப் பேசுகின்றனவா?

காரைக்குடியில் முதுகலை இயற்பியல் படித்த இரண்டாம் ஆண்டில், செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு வெப்பத்தைத் தடுக்கிறதா என்பது பற்றிய என் திட்ட அறிக்கையை நான்கு படிகள் அச்சடித்து, தங்க எழுத்து பொறித்த அட்டை போட்டு, மேசையில் அடுக்கி வைத்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித்தேர்வாளர் பத்து நிமிடம் புரட்டினார்.

"எத்தனை வீடுகளில் அளந்தீர்கள், தம்பி?"

"இரண்டு வீடுகள், ஐயா."

"சுண்ணாம்புப் பூச்சு இல்லாத செட்டிநாட்டு வீடு அதில் உண்டா?"

"இல்லை, ஐயா."

"அப்படியானால் இந்தக் கடைசிப் பக்கத்துக்கும் மற்ற பக்கங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

அறிக்கை திருத்தத்துக்குத் திரும்பி வந்தது. அளவீட்டில் பிழை இல்லை. கணக்கில் பிழை இருந்தது, ஆனால் பெரிய சிக்கல் அதுவல்ல. நோக்கம் ஒன்றைச் சொன்னது, கருதுகோள் இன்னொன்றைச் சொன்னது, எண்கள் மூன்றாவதைக் காட்டின, முடிவுரை நான் ஆசைப்பட்டதைச் சொன்னது. அதைச் சரிசெய்ய எனக்கு மூன்று வாரமும் ₹1,800-ம் ஆயின. அச்சுக்குக் கொடுக்கும் முன் ஓர் ஒன்றரை நாள் ஒதுக்கியிருந்தால் போதும். அந்த ஒன்றரை நாளில் என்ன செய்ய வேண்டும் என்பதை என் அறிக்கையையே கிழித்துப் போட்டுக் காட்டுகிறேன்.

நான் செய்தது இவ்வளவுதான். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டில், வளவு என்று சொல்லும் உள்முற்றத்தை ஒட்டிய ஓர் அறையில் ஒரு டி.எச்.டி.22 வெப்பநிலை உணரியை வைத்தேன். அதே ஊரில் சிமெண்ட் கல் சுவரும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரையும் கொண்ட ஒரு வாடகை வீட்டு அறையில் இன்னொன்று. ஏப்ரலில் 7 நாள்கள், 10 நிமிடத்துக்கு ஓர் அளவு. ஒரு நாளைக்கு 144 அளவுகள், மொத்தம் ஓர் அறைக்கு 1,008.

1. நான்கு வாக்கியங்களை ஒரே தாளில் எழுதுங்கள் (ஒரு மணி நேரம்)

நோக்கம், கருதுகோள், முதன்மையான முடிவு, முடிவுரை. இந்த நான்கையும் அறிக்கையிலிருந்து எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுத வேண்டும். நினைவிலிருந்து எழுதினால் மனம் தானாகவே நான்கையும் ஒத்துப்போகச் செய்துவிடும். அறிக்கையில் அவை முப்பது நாற்பது பக்க இடைவெளியில் இருப்பதால்தான் முரண் கண்ணில் படுவதில்லை.

என் தாளில் இருந்தவை:

நோக்கம்: செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு உள்வெப்பத்தைக் குறைக்கிறதா என அறிதல்.

கருதுகோள்: செட்டிநாட்டு வீடுகள் நவீன வீடுகளைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்.

முடிவு: 7 நாள் சராசரி வெப்பநிலை பழைய வீட்டில் 31.6 டிகிரி, நவீன வீட்டில் 32.0 டிகிரி. வேறுபாடு புள்ளியியல்படி உறுதியானது (p < 0.01).

முடிவுரை: சுண்ணாம்புப் பூச்சு வெப்பத்தைத் தடுத்து, கோடையில் மின்செலவைக் குறைக்கிறது.

இப்போது படித்தால் சிரிப்பு வருகிறது. அப்போது ஐந்து மாதம் இதனோடு வாழ்ந்தவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

தமிழில் அறிக்கை எழுதுபவர்களுக்கு மட்டும் உரிய ஒரு பொறியும் இங்கே இருக்கிறது. அளந்து கிடைத்ததும் 'முடிவு', அதிலிருந்து நாம் சொல்லும் தீர்ப்பும் 'முடிவு'. ஒரே சொல் இரண்டு வேலை பார்ப்பதால், தீர்ப்பை அளவீடு என்று நாமே நம்பிவிடுகிறோம். நான் திருத்திய படியில் முதலாவதைக் 'கண்டறிந்தவை' என்றும் இரண்டாவதை 'முடிவுரை' என்றும் மாற்றினேன். துறை வேறு சொல்லை வலியுறுத்தினால் அதையே பயன்படுத்துங்கள். ஆனால் இரண்டுக்கும் இரண்டு சொற்கள் இருக்கட்டும்.

2. ஒவ்வொரு வாக்கியத்திலும் மூன்று கேள்விகள் (இரண்டு மணி நேரம்)

எதை மாற்றிப் பார்த்தோம்? எதை அளந்தோம்? எதைப் பற்றிப் பேசுகிறோம்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நிறப் பென்சில் எடுத்து, நான்கு வாக்கியங்களிலும் அதற்கான சொல்லின் கீழ் கோடு போடுங்கள். ஒரே நிறத்தில் நான்கு இடங்களிலும் ஒரே பொருள் இருக்க வேண்டும்.

'எதை மாற்றிப் பார்த்தோம்' என்ற நிறத்தில் எனக்கு நோக்கத்தில் 'பூச்சு' வந்தது, கருதுகோளில் 'வீடு' வந்தது, முடிவுரையில் மறுபடி 'பூச்சு' வந்தது. உண்மையில் இரண்டு அறைகளுக்கும் இடையே மாறியது பூச்சு மட்டுமா? பழைய வீட்டின் சுவர் ஏறத்தாழ 45 செ.மீ. தடிமன். கூரை உயரம் வேறு, கூரைப் பொருள் வேறு, முற்றம் வேறு. அந்தச் சுவரில் பூச்சு 1 செ.மீ.கூட இல்லை. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வெப்பத்தைக் கடத்தும் அளவில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உடையவை அல்ல. அப்படியிருக்க 45 செ.மீ. சுவர் செய்கிற வேலையை 1 செ.மீ. பூச்சின் பெயரில் எழுதியிருந்தேன். முட்டை வெள்ளை சேர்த்து மெருகேற்றிய பூச்சு என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்வதைக் கேட்டு வளர்ந்ததன் விளைவு என்று நினைக்கிறேன்.

பூச்சைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அளவீடே வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும். ஒரே சுவர், ஒரே கூரை, ஒரே திசை பார்த்த இரண்டு அறைகள். ஒன்றில் சுண்ணாம்பு, மற்றதில் சிமெண்ட். பழைய வீடுகள் சிலவற்றில் ஓர் அறையை மட்டும் பிற்காலத்தில் சிமெண்டால் பூசியிருப்பார்கள். தேடியிருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கும்.

'எதை அளந்தோம்' என்ற நிறத்தில் இன்னும் மோசம். 'உள்வெப்பம்', 'குளிர்ச்சி', 'சராசரி வெப்பநிலை', 'மின்செலவு' என்று நான்கு வாக்கியங்களில் நான்கு பொருள்கள். குளிர்ச்சி என்பது உடம்பு உணர்வது. அதில் காற்றின் ஈரப்பதமும் வீச்சும் சுவரின் சூடும் சேரும். மின்செலவுக்கு மீட்டர் பார்க்க வேண்டும். நான் அளந்தது காற்றின் வெப்பநிலையை மட்டுமே. அந்தப் பழைய வீட்டில் அந்த வாரம் ஒரு மின்விசிறிகூட ஓடவில்லை.

மூன்றாவது நிறம், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது. 'செட்டிநாட்டு வீடுகள்' என்று பன்மையில் எழுதியிருந்தேன், அளந்தது ஒரு வீட்டின் ஓர் அறை. 'நவீன வீடுகள்' என்றது ஓர் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரையை. அதே தெருவில் கான்கிரீட் கூரை போட்ட வீட்டுக்காரர் இதைப் படித்திருந்தால் என்னோடு சண்டைக்கு வந்திருப்பார், வந்திருந்தால் அது நியாயம்தான்.

3. கருதுகோள் தோற்க வழி இருக்கிறதா என்று பாருங்கள் (அரை மணி நேரம்)

எந்த எண் கிடைத்தால் கருதுகோள் தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்? அதைத் தாளின் ஓரத்தில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் அது இன்னும் கருதுகோள் ஆகவில்லை. 'குளிர்ச்சியாக இருக்கும்' என்பதைத் தோற்கடிக்க முடியாது. பகலில் குறைந்தால் பகலைக் காட்டலாம், இரவில் குறைந்தால் இரவைக் காட்டலாம். 'பிற்பகல் உச்ச வெப்பநிலை குறைந்தது 2 டிகிரி தாழ்ந்திருக்கும்' என்பதைத் தோற்கடிக்கலாம்.

இங்கேதான் பலரும் விழும் பள்ளம். எண்கள் கையில் வந்தபின் கருதுகோளை அதற்கேற்பத் திருத்தி, முதலிலிருந்தே அப்படித்தான் நினைத்ததுபோல எழுதிவிடுகிறார்கள். நான்கு வாக்கியங்களும் அழகாக ஒத்துப்போகும், ஆனால் அந்த ஒற்றுமை பொய். துறையில் நீங்கள் முதலில் கொடுத்த திட்ட முன்வரைவு அலமாரியில் இருக்கிறது, அதில் பழைய கருதுகோள் தேதியோடு இருக்கிறது. நோக்கத்தைச் சுருக்கலாம்; வழிகாட்டியிடம் சொல்லி, ஏன் சுருக்கினோம் என்று செய்முறைப் பகுதியில் இரண்டு வரி எழுதிவிட்டுச் சுருக்கலாம். கருதுகோளை மட்டும் முன்பு எழுதியபடியே வைத்து, 'எண்கள் இதை ஒரு பகுதிதான் ஆதரித்தன' என்று எழுதுங்கள். அதற்காக யாரும் மதிப்பெண் குறைத்து நான் பார்க்கவில்லை.

4. எண்களிடம் திரும்பிப் போங்கள் (ஒரு முழுப் பிற்பகல்)

அதிக நேரம் எடுக்கும் படி இதுதான். முடிவுரையில் உள்ள ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் ஒரு எண்ணைத் தேட வேண்டும். 'குறைக்கிறது' என்றால் எந்த அட்டவணை, எந்த வரி?

நான் சராசரியை எடுத்திருந்தேன். 31.6, 32.0, வேறுபாடு 0.4. என் உணரியின் துல்லியமே கூட்டல் கழித்தல் 0.5 டிகிரி என்று அதன் தாளில் போட்டிருக்கிறது. அது மட்டுமல்ல, அளவீடு தொடங்கும் முன் இரண்டு உணரிகளையும் ஓர் இரவு முழுக்க ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தேன். ஷீட் வீட்டுக்குப் போன உணரி எப்போதும் 0.3 டிகிரி அதிகமாகக் காட்டியது. குறிப்பேட்டில் எழுதியிருந்தேன், அறிக்கையில் கழிக்க மறந்துவிட்டேன். கழித்தால் சராசரி வேறுபாடு 0.1. அதைப் பற்றிப் பேசவே முடியாது.

பிறகு p < 0.01 எங்கிருந்து வந்தது? 1,008 அளவுகளையும் தனித்தனிச் சான்றுகள்போல எண்ணி டி-சோதனையில் போட்டதால் வந்தது. பத்து நிமிடம் முன்பு 31.4 காட்டிய அறை இப்போதும் ஏறக்குறைய 31.4 தான் காட்டும். ஒரே ஆளிடம் ஆயிரம் முறை கேட்டுவிட்டு ஆயிரம் பேர் சொன்னார்கள் என்பதுபோல. நாள்கள் 7, வீடுகள் 2. கணினி இதைக் கேட்காது, தேர்வாளர் கேட்பார். உங்கள் அறிக்கையில் எண்ணிக்கை மிகப் பெரியதாக இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள்: மண் மாதிரியை ஒரே குழியிலிருந்து முப்பது முறை எடுத்தீர்களா, முப்பது குழிகளிலிருந்து எடுத்தீர்களா?

சரி, என் எண்களில் ஒன்றுமே இல்லையா? இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. 0.3-ஐக் கழித்தபின் நாள்தோறும் உள்ள உச்சத்தையும் தாழ்வையும் தனியாக எடுத்துச் சராசரி போட்டேன்.

| | பழைய வீட்டு அறை | ஷீட் கூரை அறை |
|---|---|---|
| பகல் உச்சம் | 33.2 | 38.1 |
| இரவுத் தாழ்வு | 30.1 | 26.7 |
| ஏற்ற இறக்கம் | 3.1 | 11.4 |
| 7 நாள் சராசரி | 31.6 | 31.7 |

பகலில் பழைய வீடு 4.9 டிகிரி தாழ்வு, இரவில் 3.4 டிகிரி உயர்வு. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போனதால்தான் சராசரியில் எதுவும் தெரியவில்லை. தடித்த சுவர் பகல் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்ல விடுகிறது. மெல்லிய ஷீட் சூரியனோடு ஏறி, சூரியனோடு இறங்குகிறது. ஏழு நாள்களிலும் ஒரு நாள்கூட இது மாறவில்லை. என்னிடம் இருந்த உண்மையான கண்டுபிடிப்பு இதுதான், பின்னிணைப்பில் ஒரு வரைபடத்துக்குள் கிடந்தது.

ஆகவே கருதுகோளில் 'உச்சம்' என்று இருந்தால் முடிவிலும் உச்சத்தைத் தாருங்கள். கருதுகோள் சராசரியைப் பற்றிப் பேசினால் முடிவிலும் சராசரியையே தர வேண்டும். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றினால் மேலே உள்ள அட்டவணையின் முதல் வரியையும் கடைசி வரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

5. முடிவுரையைச் சிவப்புப் பேனாவால் வெட்டுங்கள் (ஒரு மணி நேரம்)

எண் கிடைக்காத ஒவ்வொரு சொல்லையும் அடியுங்கள். 'மின்செலவு' போயிற்று. 'சுண்ணாம்புப் பூச்சு' போயிற்று. 'தடுத்து', 'குறைக்கிறது' போன்ற காரணம் சொல்லும் வினைகளும் போயின. ஒரு வேறுபாட்டைக் கண்டேனே தவிர, அதற்குக் காரணம் எது என்று பிரித்துப் பார்க்கவில்லை. 'செட்டிநாட்டு வீடுகள்' ஒரு வீட்டின் ஓர் அறை ஆயிற்று. மிஞ்சியதை வைத்து எழுதியது:

"அளந்த பழைய வீட்டின் வளவை ஒட்டிய அறையில், ஏப்ரலில் 7 நாள்களிலும் பகல் உச்ச வெப்பநிலை ஷீட் கூரை அறையைவிடத் தாழ்ந்திருந்தது (சராசரியாக 4.9 டிகிரி), இரவுத் தாழ்வு உயர்ந்திருந்தது (3.4 டிகிரி). சுவர், கூரை, முற்றம், பூச்சு ஆகியவற்றில் ஒவ்வொன்றின் பங்கும் எவ்வளவு என்பதைப் பிரித்துக் காட்ட இந்த அளவீடு போதாது."

சின்னதாகிவிட்டதே என்று எனக்கும் வலித்தது. ஆனால் இதில் யாரும் விரல் விட்டு ஆட்ட இடமில்லை. மின்செலவு, பூச்சு போன்ற ஆசைகளை 'அடுத்து அளக்க வேண்டியவை' என்ற தலைப்பின் கீழ் ஒரு பத்தியாகப் போட்டேன். அவற்றுக்கு உரிய இடம் அதுதான்.

இதற்குப் பிறகு நோக்கத்துக்குத் திரும்பிப் போக மறக்காதீர்கள். என்னுடையது 'ஒரு பழைய வீட்டு அறையிலும் ஒரு ஷீட் கூரை அறையிலும் ஒரு நாளின் வெப்பநிலை ஏற்ற இறக்கத்தை ஒப்பிடுதல்' என்று சுருங்கியது.

6. முடிவுரையை மறைத்துவிட்டு வேறொருவரிடம் காட்டுங்கள் (ஒரு மாலை)

அட்டவணையையும் வரைபடத்தையும் மட்டும் கொடுத்து, "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேளுங்கள். அவர் சொல்வதும் உங்கள் முடிவுரையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். உடன் படிக்கும் நண்பர்கள் இதற்குச் சரிப்பட மாட்டார்கள்; உங்கள் வாயால் பத்து முறை கேட்டதையே திருப்பிச் சொல்வார்கள்.

நான் திருத்திய வரைபடத்தைக் கொண்டுபோய் அந்தப் பழைய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் காட்டினேன். வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும்தான் வருவார்கள். முப்பது வருடமாக அந்த வீட்டில் விளக்கேற்றுபவர் அவர்தான். இரண்டு கோடுகளையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதைக் கண்டுபிடிக்கவா தம்பி ஒரு வாரம் மெஷின் வைத்தீர்கள்? சித்திரை வைகாசியில் பகலெல்லாம் உள்ளே கிடப்போம், இரவில் பாயைச் சுருட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிடுவோம். உள்ளே புழுங்கும்."

அறிக்கை கொடுப்பதற்கு முன்பு அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் 'குளிர்ச்சி' என்ற சொல்லை அப்போதே அடித்திருப்பேன்.

7. தலைப்பு மாறினால் எத்தனை தாள்கள் மாறும் என்று எண்ணுங்கள்

நோக்கம் சுருங்கினால் தலைப்பும் மாறும். 'சுண்ணாம்புப் பூச்சின் வெப்பத் தடுப்புத் திறன்' என்ற என் பழைய தலைப்பு ஐந்து இடங்களில் இருந்தது: வெளி அட்டை, உள் முகப்பு, வழிகாட்டியின் சான்றிதழ், என் உறுதிமொழி, சுருக்கம். இவற்றில் சான்றிதழ்தான் தலைவலி. புதிய தலைப்போடு மறுபடி அச்சடித்து வழிகாட்டியிடமும் துறைத் தலைவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். துறைத் தலைவர் விடுப்பில் போயிருந்ததால் எனக்கு அதிலேயே ஆறு நாள்கள் போயின. தலைப்பை மாற்றத் துறையின் அனுமதிக் கடிதம் தேவையா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். படங்களின் கீழே உள்ள விளக்க வரிகளையும் விடாதீர்கள். நான் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, நான்காவது படத்தின் கீழ் 'பூச்சின் விளைவு' என்பதை அப்படியே விட்டிருந்தேன். வழிகாட்டி பிடித்தார், நல்லவேளை.

செலவுக் கணக்கு இது: 60 கறுப்பு வெள்ளைப் பக்கங்கள் பக்கத்துக்கு ₹2, 8 வண்ணப் பக்கங்கள் பக்கத்துக்கு ₹10, கெட்டி அட்டை ₹250. ஒரு படிக்கு ₹450, நான்கு படிகளுக்கு ₹1,800. கெட்டி அட்டையைப் பிரித்து இடையில் ஒரு தாளை மாற்ற முடியுமா என்று கெஞ்சிப் பார்த்தேன். கடைக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். அதனால் முதலில் சுருள் கம்பி பைண்டிங்கில் ஒரே ஒரு படி போட்டு, வழிகாட்டி அதில் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட பிறகு கெட்டி அட்டைக்குக் கொடுங்கள். ஒப்படைக்கும் நாளுக்குப் பத்து நாள் முன்பாவது, நான்கு வாக்கியங்களை எழுதும் முதல் வேலையைத் தொடங்குங்கள். ஏப்ரல் கடைசியில் எல்லாத் துறைக்காரர்களும் ஒரே கடை வாசலில் நிற்பார்கள். வெள்ளிக்கிழமை மாலை கொடுத்தது எனக்கு செவ்வாய்க்கிழமைதான் கைக்கு வந்தது, அட்டையில் பசை இன்னும் ஈரமாக.